சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் பார்க்கும்போது

சித்தி, விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றி நேற்று போனில் "92 காட்டுது, கொஞ்ச நேரத்தில் 97 காட்டுது, எதை நம்புறது?" என்று கேட்டீர்களே, 97-ஐத்தான். மாட்டினவுடன் வருகிற எண்ணை விட்டுவிடுங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகி, எண் ஆடாமல் நின்ற பிறகு எழுதுங்கள்.

விரல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்குப் போடுகிற கருவி அது. விரலில் ரத்த ஓட்டம் சரியாக இல்லையென்றால் அதற்குக் குழப்பம். ஏசி அறையில் சித்தப்பா கை சில்லென்று இருக்குமே, தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கட்டும், பேச வேண்டாம், கையை ஆட்ட வேண்டாம். நீங்கள் உங்களுக்குப் பார்த்தால் நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரலில்.

திரையில் %SpO2 என்று இருப்பதுதான் ஆக்சிஜன். PRbpm நாடித் துடிப்பு. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டுப் பதறுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, கருவியைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 ஆகத் தெரியும். 86 என்பது 98 ஆகத் தெரியும். இரண்டாவதுதான் ஆபத்து.

நிமோனியாவிலிருந்து தேறிக்கொண்டிருக்கிற சித்தப்பாவுக்கு 95-ம் அதற்கு மேலும் வந்தால் கவலையில்லை. 93, 94 என்றால் வேறு விரலில் திரும்பப் பாருங்கள். அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். பாத்ரூம் வரை நடந்து வந்ததும் மூன்று, நான்கு குறைகிறது என்றாலும் சொல்லுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே நின்றால் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள். 90-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் 108.

எதிர்வீட்டு மாமாவுக்கு 90-தான் வருது, நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஒப்பிடாதீர்கள். அவருக்குப் பல வருஷ நுரையீரல் நோய். அப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டரே சொல்வதுண்டு. அது அவர் கணக்கு.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள். இந்தக் கருவி இரண்டு, மூன்று கூடக் குறையக் காட்டும். மாநிறத்துக்கு மேல் கறுப்பான தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், எழுப்பினாலும் சரியாக எழவில்லையென்றால், 97 காட்டினாலும் 108-தான். அவர் "ஒண்ணுமில்லடி" என்பார். கேட்காதீர்கள்.

வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். மாடிப்படியில் நடத்தி இறக்க வேண்டாம், ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரை, நீங்கள் எழுதிவைத்த நோட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். கருவிக்கு ஒரு ஜோடி பேட்டரியும் கூடவே.