கார்த்திக்கு அம்மா எழுதியது

கோவில்பட்டி
10.11.2025

அன்புள்ள கார்த்திக்கு,

போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டு அனுப்புவாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். முழுக்கப் படி. திட்டுவதற்காக எழுதவில்லை.

போன வாரம் பாஸ்புக் பதியப் போனேன். நீ காலேஜில் சேர்ந்தபோது என்னோடு சேர்த்துத் திறந்தோமே, அந்தக் கணக்கு. அதில் நீ இப்போது எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று நினைத்திருந்தேன். மெஷினில் விட்டால் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுகிறது. எல்லாம் சனியும் ஞாயிறும். 2,000, 5,000, 5,000, 10,000. ஒவ்வொரு வாரமும் முன்பின் தெரியாத வேறு வேறு ஆள் பெயருக்குப் போயிருக்கிறது. ஜூனிலிருந்து போனது 1,86,500. திரும்பி வந்தது 41,000. கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன், ரிட்டயர் ஆனாலும் அந்தப் புத்தி போகவில்லை. யாழினி ஸ்கூல் ஃபீஸுக்கென்று ஜூலையில் என்னிடம் வாங்கின 40,000-மும் அந்தச் சனிக்கிழமையே போயிருக்கிறது. அதைப் பற்றி இதில் மேற்கொண்டு எதுவும் பேசப்போவதில்லை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது மச்சானிடம் மாடியில் சொல்லிக்கொண்டிருந்தாய்: "இது சூதாட்டம் இல்ல மாமா, ஸ்கில். டீம் எப்படி ஆடுது, யாருக்கு அடி பட்டிருக்கு, எல்லாம் பாத்துத்தான் போடறேன்." துணி காயப்போட வந்த என் காதில் விழுந்தது. நீ விவரம் தெரிந்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் உன் விவரத்துக்கு எதிரே ஒரு கணக்கு இருக்கிறது. அதை நீ போட்டுப் பார்த்தாயா?

இரண்டு பக்கமும் சரிசமம் என்கிற மேட்ச்சுக்குப் பந்தயம் நடத்துகிறவன் 1.90 என்று காட்டுகிறான் என்று வை. நீ ஒரு பக்கம் 100 ரூபாய் கட்டுகிறாய், இன்னொருத்தன் மறுபக்கம் 100 கட்டுகிறான். அவன் கையில் 200. யார் ஜெயித்தாலும் கொடுப்பது 190. பத்து ரூபாயை மேட்ச் தொடங்குமுன்பே எடுத்து வைத்துவிட்டான். நாலு மேட்ச்சைச் சேர்த்துக் கட்டினால் பெரிய தொகை வரும் என்று அதைத்தானே அதிகம் போடுகிறாய்? 1.90-ஐ நாலு தடவை பெருக்கிப் பார், நூறு ரூபாய்க்கு 1,303 வருகிறது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. சரிசமமான நாலு மேட்ச்சும் நீ சொன்னபடியே அமைவது பதினாறில் ஒன்று. நியாயமாகத் தர வேண்டியது 1,600. ஐந்து சதவீதமாக இருந்த அவன் பிடித்தம் இங்கே பதினெட்டுக்கு மேல் போய்விட்டது. உன்னை ஏன் சேர்த்துக் கட்டச் சொல்லி மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புகிறான் என்று இப்போது புரிகிறதா? பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு ஊரின் இரண்டாம் டிவிஷன் பந்தாட்டத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு என்ன ஸ்கில் வேண்டிக் கிடக்கிறது?

இதை விடு. நான் சொல்ல வந்தது வேறு.

சொசைட்டியில் நகைக்கடன் கவுண்டரில் நான் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். விதைக்கு, உரத்துக்கு, பிரசவத்துக்கு என்று வைக்க வருகிறவர்கள் நேராக முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு சிலர் வருவார்கள், அவர்கள் கவுண்டர் பலகையைப் பார்த்தே பேசுவார்கள். லாட்டரி இருந்த காலம். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் அதை ஒழித்தார்கள். அதற்கு முன் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிலும் லாட்டரிக் கடைகள்தான். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை வீட்டம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியை வைத்தார். அதற்கு வட்டி கட்ட வளையலை வைத்தார். அப்புறம் குழந்தையின் காதில் கிடந்தது. "விட்டதைப் பிடிச்சுட்டா நிறுத்திருவேன் மேடம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். பணக்காரன் ஆகும் ஆசையெல்லாம் அந்த மனுஷனிடம் எப்போதோ போய்விட்டது. வீட்டம்மா பீரோவைத் திறப்பதற்குள் சங்கிலியை இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும், அதற்காகத்தான் சீட்டு வாங்கினார். கடைசியில் நகை மூழ்கி ஏலத்துக்குப் போனது. நோட்டீஸ் வீட்டுக்கே போனபோதுதான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

நீயும் கார் வாங்கவா ஆடுகிறாய்? இல்லை. சுகன்யாவுக்குத் தெரிவதற்குள் எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று ஆடுகிறாய். அதனால்தான் அவளுக்குத் தெரியாத இந்தக் கணக்கிலிருந்து போகிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டால் அவசரமாக எதையும் பிடிக்க வேண்டியதே இல்லை. மூழ்கினது மூழ்கினதுதான் என்று விட்டுவிடலாம். ஆகவே அவளிடம் சொல். நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்ல வேண்டும். அவள் அழுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். நாலு வீட்டில் டியூஷன் எடுத்து அந்தக் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கில் கட்டுகிறவள் அவள். அவளுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை உண்டு.

சட்டத்தைப் பற்றி ஒன்று. ஆகஸ்டில் பார்லிமெண்டில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் முழுவதையும் தடை செய்து சட்டம் போட்டார்கள். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே அதில் கிடையாது. பெரிய கம்பெனிகளெல்லாம் காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அதற்கப்புறமும் உன் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்றால், யாரோ வாட்ஸ்அப்பில் கொடுத்த ஐடியில் ஆடுகிறாய். ஆடுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை என்பாய். நம் மாநிலச் சட்டம் 2023-லிருந்து இருக்கிறது, அதில் ஆடுகிறவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 வரை அபராதம் உண்டு. அதைவிட எனக்குப் பயம் இந்தக் கணக்கைப் பற்றித்தான். வாரத்துக்கு ஒரு பெயர் என்றால் அதெல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். அதில் ஒன்று ஏதாவது மோசடிக் கேஸில் மாட்டினால், அங்கிருந்து உனக்கு ஜெயித்த பணம் என்று வந்ததைப் பிடித்துக்கொண்டு வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் நம் கணக்கை முடக்கும். எங்கேயோ இருக்கிற ஸ்டேஷனுக்கு நீ ஆபீஸ் லீவ் போட்டு அலைவாய். கூட்டுக் கணக்கை மூட விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தும் வேண்டும்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினார், அப்புறம் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் செடிக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. உன்னைத் திட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது, நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுது. கிரெடிட் கார்டு, லோன் ஆப், ஆபீஸ் நண்பர்கள், பி.எஃப்.பில் எடுத்திருந்தால் அதுவும். பாதியை மறைத்து எழுதாதே, மறைத்த பாதிதான் மறுபடி ஆட வைக்கும். என் டெபாசிட் ஒன்று இந்த மாதம் முதிர்கிறது, 2,00,000. உன் கையில் ஒரு பைசா தரமாட்டேன். எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை நானே நேரடியாகக் கட்டி ரசீது வாங்குகிறேன். மீதியை நீ மாதாமாதம் சம்பளத்தில் அடைக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆனாலும் சரி. சம்பளக் கணக்கு கொஞ்ச காலத்துக்குச் சுகன்யா பார்வையில் இருக்கட்டும். உன் போனில் யு.பி.ஐ. வேண்டாம். டீக்குச் சில்லறை வைத்துக்கொள், உன் தாத்தா அப்படித்தான் வாழ்ந்தார். இந்த டெபாசிட் போனால் இனி என்னிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் தரமாட்டேன்.

லோன் ஆப்காரன் எவனாவது போட்டோவை அசிங்கமாக்கிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் பயந்து பணம் போடாதே. 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடு. எனக்கு வந்தால் நான் பார்த்துவிட்டு அழித்துவிடுவேன், அவ்வளவுதான்.

14416 என்று ஒரு எண் இருக்கிறது. அரசாங்கம் நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். "எனக்கென்ன பைத்தியமா" என்று கேட்காதே. நிறுத்த முடியாத சூதாட்டத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அப்பா சுகருக்கு மாத்திரை போடுவதில் வெட்கப்படுகிறாரா? சனிக்கிழமை மத்தியானம் கை பரபரக்கும்போது அந்த எண்ணுக்குப் பேசு. அவர்கள் பக்கத்தில் எந்த டாக்டரைப் பார்ப்பது என்றும் சொல்வார்கள்.

கார்த்தி, பேப்பரில் வருகிற செய்திகளைப் படித்துப் படித்துத்தான் என் தூக்கம் போனது. எவ்வளவு கடன் என்றாலும் அது பணம்தான், அடைத்துவிடலாம், இல்லையென்றால் வீட்டை விற்போம். ராத்திரி இரண்டு மணிக்கு உனக்கு வேறு மாதிரி நினைப்பு ஏதாவது வந்தால் உடனே எனக்கு அடி. போன் என் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. சத்தம் முழுசாக வைத்திருக்கிறேன்.

வெள்ளி ராத்திரி முத்துநகரில் நானும் அப்பாவும் ஏறுகிறோம். சனிக்கிழமை காலை எழும்பூர். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம். அதற்குள் சுகன்யாவிடம் சொல்லிவிடு, அந்தத் தாளையும் எழுதி வை. ஞாயிறு ராத்திரி வரை இருப்போம். உன் ஆதார் நகல் ஒன்று எடுத்து வை, விண்ணப்பத்தோடு கேட்கிறார்கள். யாழினிக்குக் கடலைமிட்டாய் எடுத்து வருகிறேன், பல் வலி சரியாகிவிட்டதா என்று மட்டும் மெசேஜ் போடு.

அம்மா