அறிவியல் கண்காட்சி 2027: கருத்துக் குறிப்பும் மதிப்பீட்டு முறையும்

நாள்: 22 ஜனவரி 2027, வெள்ளிக்கிழமை
இடம்: பள்ளியின் கீழ்த்தள வகுப்பறைகளும் உள் முற்றமும்
பங்கேற்போர்: 6, 7, 8, 9, 11ஆம் வகுப்பு மாணவர்கள்
தயாரிப்பு: அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர், தலைமையாசிரியரின் ஒப்புதலுடன்

எதற்காக இந்தக் கண்காட்சி

வழக்கமாக நம் கண்காட்சிகளில் தெர்மாகோல் அதிகம், அறிவியல் குறைவு. வினிகரும் சமையல் சோடாவும் பொங்கி வழியும் எரிமலை, மோட்டார் வைத்த காற்றாலை, கடையில் பாதி செய்தே விற்கும் சூரியக் குடும்பம் என்று வரிசையாக நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் "இதில் நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த நாலு வரி மட்டும் வரும். மாடல் செய்வது தவறில்லை. அதற்கு மட்டுமே பரிசு கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளும் அதையே செய்வார்கள்.

இம்முறை ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வியோடு வரவேண்டும். அந்தக் கேள்விக்கு எதையாவது அளந்தோ, எண்ணியோ, ஒப்பிட்டோ விடை தேடியிருக்க வேண்டும். வெறும் மாடல் மட்டும் இருந்தால் பதிவு செய்ய மாட்டோம். மாடலை வைத்து எதையாவது அளந்திருந்தால் தாராளமாக வரலாம்.

பெரிய கருவி வேண்டுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனும், அவரோடு ஆய்வு செய்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் திரவங்கள் ஒளியைச் சிதறடிப்பதை ஆராய்ந்தபோது முதலில் பயன்படுத்தியது சூரிய ஒளி, வண்ண வடிகட்டிகள், தங்கள் சொந்தக் கண்கள். அவர்களுக்கு இருந்த பொறுமையும் கவனமும்தான் நம் பிள்ளைகளிடம் நாம் எதிர்பார்ப்பது.

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28இல் வைக்கலாமே என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள். அப்போது பிளஸ் டூ மாணவர்களுக்குத் தேர்வு நெருக்கடி, ஆய்வகமும் முதுகலை ஆசிரியர்களும் நமக்குக் கிடைக்கமாட்டார்கள். நவம்பர் என்றால் மழை. பொங்கலுக்கு அடுத்த வாரம்தான் சரி. 10, 12ஆம் வகுப்பினர் போட்டியில் இல்லை; விருப்பமுள்ளவர்கள் தொண்டர்களாக வரலாம்.

எந்த மாதிரிக் கேள்வி

உதாரணத்துக்குச் சில சொல்கிறோம். இவற்றையே எடுத்துக்கொண்டு வராமல், இதே தினுசில் யோசிக்கவும்.

இட்லி மாவு வெயில்படும் இடத்தில் வேகமாகப் புளிக்குமா, அடுப்பங்கரையிலா? ஒரே மாவை ஒரே அளவு டம்ளர்களில் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி, மணிக்கொரு தரம் உயரத்தைக் குறித்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். வீட்டு போர்வெல் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் ஒரே அளவு நுரை தருமா என்பதும் அப்படித்தான்: சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, குலுக்கி, நுரை நிலைக்க எத்தனை சொட்டு ஆனது என்று பார்க்கலாம். மண்பானைத் தண்ணீர் காற்றோட்டமான இடத்தில் எத்தனை டிகிரி குறைகிறது, மூடிய அறையில் எத்தனை டிகிரி என்பது எட்டாம் வகுப்புக்குப் பொருத்தம்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் எதிர்பார்ப்பது என்ன என்பது அதில் தெளிவாகத் தெரியும். நிலத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, காலை 11.30 முதல் 1 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்தால், நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணி என்று பலரும் நினைப்போம். திருச்சியில், ஜனவரி மூன்றாம் வாரத்தில், அது ஏறக்குறைய 12.25க்குத்தான் வரும். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே, சுமார் 78.7 டிகிரியில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். மிச்சம் பத்து நிமிடத்துக்கு மேல் வருவது, பூமியின் சுற்றுப்பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும். ஏழாம் வகுப்பு மாணவி இந்த விளக்கம் எதுவும் தெரியாமல், "எனக்கு 12.25 என்று வந்தது, ஏன் என்று புரியவில்லை" என்று நோட்டில் எழுதியிருந்தால் அவளுக்கு நல்ல மதிப்பெண் உண்டு. விடை 12 என்று நினைத்துக்கொண்டு அளவுகளைத் திருத்தி எழுதியவருக்கு இல்லை.

விதிகள்

ஒரு குழுவில் ஒருவர் முதல் மூவர் வரை. போட்டி மூன்று பிரிவாக நடக்கும்: 6, 7 ஒரு பிரிவு, 8, 9 ஒரு பிரிவு, 11ஆம் வகுப்பு தனிப் பிரிவு. வெவ்வேறு வகுப்பினர் சேர்ந்த குழு, அதில் உள்ள மூத்த மாணவரின் பிரிவில் சேரும். பிரிவுக்கு 15 காட்சிகள், ஆக மொத்தம் 45. அதற்கு மேல் வந்தால் கேள்வியின் தெளிவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம். முந்தி வந்தவருக்கு முன்னுரிமை என்பது கிடையாது.

செலவு ஒரு குழுவுக்கு 300 ரூபாயைத் தாண்டக்கூடாது. இதில் 100 ரூபாயைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் தரும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்குக் கணக்கு வேண்டாம்.

பதிவு நோட்டு கட்டாயம். தேதி போட்டு, கையால், அன்றன்றைக்கு எழுதியதாக இருக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் அதுதான் எங்களுக்குப் பிடிக்கும். கண்காட்சிக்கு முதல் நாள் அழகாகப் பெயர்த்து எழுதிய நோட்டை எந்த ஆசிரியரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாதவை: 230 வோல்ட் மின்சாரம் வேண்டாம், பேட்டரி மட்டும், அதுவும் 12 வோல்ட்டுக்குள். கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் உட்பட எந்த அடர் அமிலமும் கூடாது. திறந்த தீ, பட்டாசு மருந்து கூடாது. ரொட்டியில் பூஞ்சை வளர்ப்பவர்கள் மூடி ஒட்டிய பாட்டிலில் வளர்க்கட்டும். அதைத் திறக்கவே கூடாது. உயிருள்ள விலங்குகளைத் துன்புறுத்தும் எதையும் பார்த்தவுடன் எடுத்துவிடுவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பொருள் வாங்கித் தரலாம், கூட நின்று பார்க்கலாம், சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கலாம். அளப்பதும் எழுதுவதும் பிள்ளையின் வேலை. சார்ட் கொஞ்சம் கோணலாக இருந்தால் மதிப்பெண் குறையாது.

நாட்கள்

கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பு அறிவியல் ஆசிரியரிடம் தர கடைசி நாள் 4 டிசம்பர். தேர்வான பட்டியல் 9 டிசம்பர் அறிவிப்புப் பலகையில் வரும். பிறகு அரையாண்டுத் தேர்வு முடியும்வரை யாரையும் தொந்தரவு செய்ய மாட்டோம். 8 ஜனவரி அன்று நோட்டைக் கொண்டுவந்து வழிகாட்டி ஆசிரியரிடம் காட்ட வேண்டும்; இதைத் தவறவிட்ட குழு போட்டியில் இல்லை. 21 ஜனவரி மாலை மேசைகளை அடுக்குவோம். மறுநாள் 10 முதல் 12 வரை நடுவர்கள் பார்ப்பார்கள், 1.30 முதல் 3.30 வரை மற்ற வகுப்பினரும் பெற்றோரும்.

மதிப்பீடு

மொத்தம் 100 மதிப்பெண்.

- கேள்வி: 15
- செய்முறையும் அளவீடும்: 30
- பதிவு நோட்டு: 20
- புரிதலும் உரையாடலும்: 25
- காட்சிப்படுத்தல்: 10

கேள்வி சொந்தமாகத் தோன்றியதா, அளந்து விடை காணக்கூடியதா என்று பார்க்கவும். "தண்ணீரின் முக்கியத்துவம்" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. அதற்கு 5க்கு மேல் வேண்டாம்.

செய்முறைக்கு அதிக மதிப்பெண் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை எல்லாம் மாறாமல் வைத்தார்களா, ஒப்பிட இன்னொன்றை வைத்திருந்தார்களா, குறைந்தது மூன்று முறை அளந்தார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் 25 முதல் 30. ஒன்று விட்டுப்போயிருந்தால் 16 முதல் 24. ஒரே ஒரு தடவை செய்து பார்த்து முடிவுக்கு வந்திருந்தால் 15க்குள். இட்லி மாவுக் குழு வெயிலில் எவர்சில்வர் டம்ளரும் அடுப்பங்கரையில் பிளாஸ்டிக் டம்ளரும் வைத்திருந்தால், அங்கே மாறியது இரண்டு விஷயம். அதை அவர்களே கவனித்துச் சொன்னால் குறைத்த மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நோட்டில் தேதி, அளவு, அலகு மூன்றும் வேண்டும். எதிர்பாராத அளவை மறைக்காமல் எழுதியிருந்தால் கூடுதலாக மதிக்கவும். எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக எந்தப் பகுதியிலும் மதிப்பெண் குறைக்கக்கூடாது.

புரிதலை அளக்கப் பாடப்புத்தக வரையறை கேட்க வேண்டாம். "இதை எப்படித் தெரிந்துகொண்டாய்?", "இன்னொரு வாரம் கிடைத்தால் என்ன செய்வாய்?", "எந்த அளவில் உனக்கே சந்தேகம் இருக்கிறது?" என்ற மூன்றும் எல்லாக் குழுவுக்கும் பொது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் பேசினால் இந்தப் பகுதியில் 15க்கு மேல் போகாது. ஆங்கிலத்தில் பேசினால் கூடுதல் மதிப்பெண் என்பது கிடையாது. "தெரியவில்லை சார்" என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொள்ள வழி ஒன்று சொல்லும் பிள்ளை, தவறான விடையைச் சரளமாகச் சொல்லும் பிள்ளையைவிட மேல்.

காட்சிப்படுத்தலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அட்டவணையையோ வரைபடத்தையோ வந்து நிற்பவர் தானாகவே படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா. வண்ண விளக்கும் ஜிகினாவும் கணக்கில் இல்லை.

பிரிவுக்கு மூன்று நடுவர்கள்: நம் ஆசிரியர் ஒருவர், பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர், கல்லூரி ஆசிரியரோ ஆய்வு மாணவரோ ஒருவர். ஒவ்வொரு காட்சியையும் இருவர் தனித்தனியாகப் பார்ப்பார்கள், ஆக ஒரு நடுவருக்குப் பத்துக் காட்சி. ஒன்றுக்கு ஏழு நிமிடப் பேச்சு, மூன்று நிமிடம் எழுத. இருவரின் சராசரியே இறுதி மதிப்பெண். இடைவெளி 15ஐத் தாண்டினால் மூன்றாமவரும் பார்ப்பார். அப்போது மூவரின் சராசரி. தன் வகுப்பில் படிக்கும் குழுவையோ தான் வழிகாட்டிய குழுவையோ, உறவுக்காரப் பிள்ளையையோ யாரும் மதிப்பிடக்கூடாது.

ஒருவர் கை தாராளமாகவும் இன்னொருவர் கை இறுக்கமாகவும் இருப்பது சகஜம். அதனால் காலை 9.30க்குப் பிளஸ் டூ தொண்டர்கள் ஒரு மாதிரிக் காட்சி நடத்திக் காட்டுவார்கள். ஒன்பது நடுவர்களும் அதற்கு மதிப்பெண் போட்டு, ஏன் போட்டோம் என்று பேசி ஒத்துப்போன பிறகே அறைகளுக்குப் போகவேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினால் நல்லது. நின்றுகொண்டு கேட்டால் பாதிப் பேர் பயந்து வாயே திறக்கமாட்டார்கள்.

சமநிலை வந்தால் செய்முறை மதிப்பெண், அதுவும் சமம் என்றால் நோட்டு மதிப்பெண். அப்போதும் சமம் என்றால் பரிசைப் பகிர்ந்துவிடலாம்.

பரிசும் செலவும்

பிரிவுக்கு மூன்று பரிசு, 500, 350, 250 ரூபாய் மதிப்பில், புத்தகமாகவோ உருப்பெருக்கிக் கண்ணாடி, வெப்பநிலைமானி போன்ற கருவியாகவோ. கோப்பை கிடையாது. இவை தவிர சிறந்த நோட்டுக்கு ஒன்று, சிறந்த கேள்விக்கு ஒன்று, தலா 400. பங்கேற்ற எல்லோருக்கும் சான்றிதழ்.

குழுக்களுக்கு உதவி 4,500, பரிசுகள் 4,100, சான்றிதழ் அச்சடிக்க 1,500, நடுவர்களுக்குச் சாப்பாடும் தேநீரும் 1,350, கைச்செலவு 550. மொத்தம் 12,000 ரூபாய். பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வெளியில் யாரிடமும் நன்கொடை கேட்கப்போவதில்லை.

முடிவுகள் 25 ஜனவரி, திங்கள் காலை பலகையில் வரும். ஒவ்வொரு குழுவும் தன் மதிப்பெண் தாளையும் நடுவர் எழுதிய இரண்டு வரிக் குறிப்பையும் வாங்கிப் பார்க்கலாம். கூட்டலில் பிழை இருந்தால் அன்று மாலை 4 மணிக்குள் சொல்ல வேண்டும். பரிசளிப்பு மறுநாள் குடியரசு நாள் கொடியேற்றத்துக்குப் பிறகு.