மூலிகை மருந்துகளின் வேதிப்பொருள்களும் தீய விளைவுகளும்: பி.பார்ம் ஆறாம் பருவ மாதிரித் தேர்வு வினாக்களும் விடை விளக்கமும்

இந்த வினாக்கள் பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வுக்காக எழுதப்பட்டவை. தாவரப் பெயர், குடும்பம், வேதிப்பொருள், பயன் என்ற நான்கையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் விடைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். அந்த வேதிப்பொருள் உடலில் எங்கே, எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து அது என்ன தீங்கு செய்யும் என்பதை வருவித்து எழுதும் விடைக்கே முழு மதிப்பெண் உண்டு.

வினா 1 (2 மதிப்பெண்). நிலாவரை இலையை இரவில் உட்கொள்ளச் சொல்வது ஏன்?

விடை: நிலாவரையின் செயல்படும் வேதிப்பொருள்களான சென்னோசைடு ஏ, பி ஆகியவை டையாந்த்ரோன் கிளைகோசைடுகள், இவை உட்கொண்ட வடிவத்தில் பேதியை உண்டாக்குவதில்லை. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைந்தபின், அங்குள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பகுதியை நீக்கி அவற்றை ரெயின் ஆந்த்ரோனாக மாற்றுகின்றன. குடல் அசைவைத் தூண்டுவதும் நீர் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதும் இந்தப் பொருளே. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆவதால், இரவில் எடுத்தால் காலையில் பலன் தெரியும்.

வினா 2 (5 மதிப்பெண்). 67 வயது முதியவர் ஒருவர் இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃபுரோசிமைடும் எடுத்துவருகிறார். மலச்சிக்கலுக்காகப் பல மாதங்களாக நாள்தோறும் நிலாவரைப் பொடியும் சாப்பிடுகிறார். இப்போது குமட்டல், பசியின்மை, பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல், சீரற்ற நாடித்துடிப்பு ஆகியவற்றோடு வந்திருக்கிறார். டிகாக்சின் அளவு மாற்றப்படவில்லை. காரணத்தை விளக்குக.

விடை: நாள்பட்ட பேதியால் மலத்தின் வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது, ஃபுரோசிமைடு அதையே சிறுநீரின் வழியே வெளியேற்றுகிறது. டிகாக்சின் இதயத்தசைச் செல்லின் சோடியம்–பொட்டாசியம் ஏ.டி.பி.ஏஸ் நொதியில் பொட்டாசியம் அயனியோடு போட்டியிட்டே பிணைகிறது என்பதால், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும்போது, மருந்தின் அளவு மாறாமலேயே அதன் பிணைப்பு கூடி நச்சுத்தன்மை வெளிப்படுகிறது. எனவே டிகாக்சின் அளவைச் சோதிப்பதோடு நிறுத்தாமல் பொட்டாசியத்தையும் அளக்க வேண்டும். நிலாவரையையும் நிறுத்த வேண்டும்.

பலர் இந்த வினாவுக்கு 'இரண்டும் கிளைகோசைடுகள், ஆகவே ஒன்றின் விளைவை மற்றொன்று கூட்டுகிறது' என்று எழுதுகிறார்கள். அது தவறு. ஒன்று ஆந்த்ராகுவினோன் வகை, மற்றது ஸ்டீராய்டு வகை. சர்க்கரை இணைந்திருப்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. நிலாவரையை நெடுநாள் எடுப்போரின் பெருங்குடல் உட்சுவர் கருமையடையும் மெலனோசிஸ் கோலை என்ற நிலையையும், மருந்தை நிறுத்தினால் அது மெல்ல மறையும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். ஆனால் இந்த நோயாளியின் அறிகுறிகளுக்கு அது காரணம் அல்ல.

வினா 3 (5 மதிப்பெண்). 54 வயதுப் பெண்மணி ஒருவர் வறட்டு இருமலுக்காக அதிமதுரத் துண்டை நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உடையவர். அதன் கஷாயத்தையும் இருவேளை குடிக்கிறார். சில வாரங்களில் கால்கள் வீங்கி, இரத்த அழுத்தம் 170/100 ஆக உயர்ந்து, தசைகள் தளர்ந்துவிட்டன. இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு; ஆல்டோஸ்டிரோனும் குறைவு. இந்த முரண்பாட்டை விளக்கி, அதிமதுரத்தை நுண்ணோக்கியில் இனங்காணும் முறையையும் கூறுக.

விடை: அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் ஒரு டிரைடெர்பீன் சப்போனின், சர்க்கரையைவிட ஏறத்தாழ 50 மடங்கு இனிப்பானது. குடல் பாக்டீரியாக்கள் இதைக் கிளிசிரெட்டினிக் அமிலமாகப் பிரிக்கின்றன. சிறுநீரகக் குழாய்ச் செல்களில் 11-பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ் வகை 2 என்ற நொதி, கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றி, மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பிகளைக் காவல் காக்கிறது. இந்தக் காவல் நொதியைக் கிளிசிரெட்டினிக் அமிலம் தடுத்துவிடுவதால், ஆல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிகமாக இரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசால் அதே ஏற்பிகளில் அமர்ந்து, சோடியத்தையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ஆல்டோஸ்டிரோன் மிகுந்தவரைப் போன்ற அறிகுறிகள் இருந்தும் ஆல்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே: உடல் தன் பங்குக்கு ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அடக்கிவிடுகிறது. இதைப் போலி ஆல்டோஸ்டிரோன் மிகை நிலை என்பர். தொடர்ந்து உட்கொள்வோருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினை மேல்வரம்பாக ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு பரிந்துரைத்துள்ளது. இரைப்பைப் புண்ணுக்கு இதைத் தருவதாயின், கிளிசிரைசின் நீக்கப்பட்ட சாறு கிடைக்கிறது என்று எழுதுவோருக்குக் கூடுதலாகக் கவனம் கிடைக்கும்.

வேரின் பொடியை நுண்ணோக்கியில் வைத்தால், மஞ்சள் நிற நார்க்கற்றைகளை ஒட்டி வரிசையாகச் செல்லும் கால்சியம் ஆக்சலேட் பட்டகங்கள் தெரியும். இதைப் படிக உறை என்று அழைக்கிறோம். ஒரு நார்க்கற்றையை மட்டும் பெரிதாக வரைந்து, அதன் ஓரத்தில் பட்டகங்களை அடுக்கிக் காட்டினால் போதும். வேரின் குறுக்குவெட்டு முழுவதையும் வரைந்து நேரத்தைப் போக்க வேண்டாம். குன்றிமணிக் கொடியின் வேரும் இனிப்பாக இருப்பதால் அது இதற்கு மாற்றாகக் கலக்கப்படுவதுண்டு. எனவே சுவையை மட்டும் நம்ப முடியாது.

வினா 4 (10 மதிப்பெண்). ஆரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் விளையும் சிறுநீரக நோயின் வரலாற்றையும், வேதிக் காரணத்தையும், நம் நாட்டு மூலிகைகளோடு அதற்குள்ள தொடர்பையும் விரிவாக எழுதுக.

விடை: 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் புருசெல்ஸ் நகரில், உடல் எடை குறைக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்களிடையே, முன்பு எந்தச் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்களுக்கு வேகமாக முற்றும் சிறுநீரகச் செயலிழப்பு தோன்றியது. சிகிச்சையில் சேர்க்கப்பட்ட சீன மூலிகைகளுள் ஒன்று ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்று கருதப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் ஆரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வழங்கப்பட்டிருந்தது. சீன வணிகப் பெயர்களில் ஒன்று 'ஃபாங் ஜி' என்றும் மற்றொன்று 'குவாங் ஃபாங் ஜி' என்றும் வழங்குவதே இந்தக் குழப்பத்துக்கு வழிவகுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். அவர்களுள் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதை உட்சவ்வில் புற்றுநோயும் கண்டறியப்பட்டது.

ஆரிஸ்டோலோக்கிக் அமிலங்கள் நைட்ரோ தொகுதி கொண்ட ஃபினாந்த்ரீன் கார்பாக்சிலிக் அமிலங்கள். உடலில் நைட்ரோ தொகுதி ஒடுக்கமடைந்து உருவாகும் ஆரிஸ்டோலாக்டம் அயனி, டி.என்.ஏ.வின் அடினைன், குவானைன் காரங்களோடு இணைந்து பிணைப்புகளை உருவாக்குகிறது. அடினைன்–தைமின் இணை தைமின்–அடினைனாகப் புரளும் மரபணு மாற்றம் இதன் தனி முத்திரை. சிறுநீரகத்தில் செல்கள் குறைந்த, அழற்சி பெரிதாக இல்லாத இடைத்திசு நாரிழைப்பைக் காண்கிறோம். பால்கன் நாடுகளில் டேன்யூப் ஆற்றின் கிளைநதிகளையொட்டிய கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவிய சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக வளரும் ஆரிஸ்டோலோக்கியா கிளெமடைடிஸ் விதைகள் மாவில் கலந்ததே காரணம் என்று பின்னர் நிறுவப்பட்டது. இந்தப் பேரினத் தாவரங்கள் அடங்கிய மூலிகைத் தயாரிப்புகளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2002இல் குழு 1இல், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்தது.

நம் பகுதியில் ஆடுதின்னாப்பாளை என்று வழங்கும் ஆரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டாவும், ஈஸ்வரமூலி அல்லது பெருமருந்துக்கொடி என்று வழங்கும் ஆரிஸ்டோலோக்கியா இண்டிகாவும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. பூச்சிக்கொல்லியாகவும் விஷக்கடிக்கும் மரபாகப் பயன்பட்டுவந்தவை. இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக எழுத வேண்டும். பெல்ஜிய நிகழ்வில் தவறான செடி கலந்தது. இங்கோ, உரிய செடியே சரியாக இனங்காணப்பட்டுத் தரப்பட்டாலும் தீங்கு நீங்காது. 'கலப்படத்தைத் தடுத்தால் போதும்' என்று முடிக்கும் விடைக்கு 10இல் 6க்கு மேல் தர இயலாது. சோதனை பற்றிக் கேட்டால், இந்த அமிலங்கள் காரத்தன்மை கொண்ட ஆல்கலாய்டுகள் அல்ல என்பதால் டிராகன்டார்ஃப் சோதனையை நம்பாமல், மெல்லடுக்கு நிறப்பிரிகையையும் உயர்திறன் திரவ நிறப்பிரிகையையும் குறிப்பிட வேண்டும்.

வினா 5 (5 மதிப்பெண்). செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை உட்கொள்வோருக்கு மருந்தாளுநர் கூற வேண்டிய எச்சரிக்கைகள் யாவை?

விடை: ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம் செடியில் ஹைபெரிசின், ஹைபர்ஃபோரின் என்ற இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும். வெயிலில் தோல் சிவக்கும் ஒளிநச்சுத்தன்மைக்கு ஹைபெரிசின் காரணம். மருந்துகளோடு நிகழும் மோதல்களுக்கு ஹைபர்ஃபோரினே முதன்மைக் காரணம்: அது பி.எக்ஸ்.ஆர் என்ற உட்கரு ஏற்பியைத் தூண்டி, கல்லீரலிலும் குடலிலும் சைட்டோகுரோம் பி450 3ஏ4 நொதியையும் பி-கிளைகோபுரதத்தையும் பெருக்குகிறது. அதனால் சைக்ளோஸ்போரின், வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்துகளுள் இண்டினாவிர் ஆகியவற்றின் இரத்த அளவு சரிகிறது. சூரிச்சில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட நோயாளிகள் இருவருக்கு இந்த மூலிகையால் சைக்ளோஸ்போரின் அளவு குறைந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது 2000இல் வெளிவந்தது. மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளோடு சேர்ந்தால் செரோடோனின் மிகை நோய்க்குறி ஏற்படலாம். மூலிகையைத் திடீரென நிறுத்தினால் நொதி அளவு மெல்ல இயல்புக்குத் திரும்பி, மற்ற மருந்தின் அளவு ஏறும் என்பதையும் சொல்லவேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு இது இரத்தக்கசிவில் முடியலாம்.

வினா 6 (2 மதிப்பெண்). மிளகு இதற்கு நேரெதிர் என்பது எவ்வாறு?

விடை: மிளகின் பைபரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால் ஃபெனிட்டாயின், புரோப்ரனலால், தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவை உயர்த்துகிறது. ரசத்தில் இடும் மிளகுக்கு இதைப் பொருத்தி அச்சப்பட வேண்டியதில்லை. பைபரினைச் செறிவூட்டிய மாத்திரைகளுக்கே இந்த எச்சரிக்கை.

வினா 7 (5 மதிப்பெண்). செங்காந்தள் கிழங்கை மரவள்ளி என்று எண்ணி வேகவைத்துச் சாப்பிட்ட ஒருவருக்கு முதல் நாளிலும், மூன்றாம் நாளிலும், இரண்டாம் வாரத்திலும் என்னென்ன நேரும்?

விடை: கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்சிசின் டியூபுலின் புரதத்தோடு பிணைந்து, செல் பிரிதலுக்குத் தேவையான நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. வேகவைப்பதால் இது நீங்குவதில்லை. வேகமாகப் பிரியும் செல்கள் முதலில் பாதிக்கப்படுவதால், முதல் நாளில் கடும் வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும், அடுத்த சில நாள்களில் எலும்புமஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைவதும், அவற்றோடு சிறுநீரக, இதயச் செயலிழப்பும் நிகழ்கின்றன. பிழைத்தவருக்கு இரண்டாம் வாரத்தில் முடி கொட்டுகிறது. குறிப்பிட்ட மாற்றுமருந்து நடைமுறையில் இல்லை. ஆதரவுச் சிகிச்சையே வழி. கால்சிசினும் 3ஏ4 நொதியாலும் பி-கிளைகோபுரதத்தாலும் கையாளப்படுவது என்பதை ஐந்தாம் வினாவோடு இணைத்து, வாதநோய்க்காகக் கால்சிசின் மாத்திரை எடுப்பவருக்குக் கிளாரித்ரோமைசின் தந்தால் இதே அறிகுறிகள் சிகிச்சை அளவிலேயே தோன்றக்கூடும் என்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண்.