பெருக்கல் விதியில் அந்த நடு உறுப்பு எங்கிருந்து வந்தது?

மன்னார்குடியில் சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போன வாரம் வகையிடலில் வரும் பெருக்கல் விதியை நிரூபித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் நோட்டில் மூன்றாவது வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "சார், இந்த உறுப்பு கேள்வியிலயே இல்லையே, இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். சரியான கேள்வி. "கூட்டிக் கழித்தால் வந்துவிடும்" என்று சொல்லிக் கடந்துபோக மனசு வரவில்லை, அதனால் வயலுக்குப் போனோம், அதாவது கரும்பலகையில் ஒரு வயலை வரைந்தோம்.

கிழக்கு மேற்காக 40 மீட்டர், வடக்கு தெற்காக 30 மீட்டர். பரப்பு 1200 சதுர மீட்டர். பக்கத்து நிலத்தில் கொஞ்சம் வாங்கி, மேற்கு வரப்பை 0.2 மீட்டரும் தெற்கு வரப்பை 0.1 மீட்டரும் வெளியே தள்ளிப் போடுகிறோம். புதிதாகச் சேர்ந்த நிலம் 'ட' எழுத்து மாதிரி இருக்கும். அதன் பரப்பை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு வரப்பையும் ஒரே நேரத்தில் யாரும் வெட்ட மாட்டார்கள். முதலில் மேற்கு வரப்பு. அன்று சாயங்காலம் வயல் 40.2 × 30 = 1206. மறுநாள் தெற்கு வரப்பு, இப்போது 40.2 × 30.1 = 1210.02. முதல் நாள் கூடியது 6, மறுநாள் கூடியது 4.02. பாதி வேலை முடிந்த அந்த 1206 இருக்கிறதே, அதுதான் நடு உறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறி, மறுபக்கம் இன்னும் மாறாத வயல்.

இப்போது நீளம் `f(x)`, அகலம் `g(x)` என்று வையுங்கள். இரண்டும் x-இல் வகையிடத்தக்கவை. நமக்கு வேண்டியது:

```
lim (h→0) [ f(x+h)g(x+h) − f(x)g(x) ] / h
```

தொகுதியில் இரண்டு காரணிகளும் ஒன்றாக மாறுகின்றன, அதனால்தான் இதை அப்படியே பிரிக்க முடிவதில்லை. முதல் நாள் சாயங்கால வயல் `f(x+h)g(x)`. அதைக் கழித்து, உடனே கூட்டுகிறோம். மதிப்பு மாறவில்லை:

```
f(x+h)g(x+h) − f(x+h)g(x) + f(x+h)g(x) − f(x)g(x)
```

முதல் இரண்டில் `f(x+h)` பொது, அடுத்த இரண்டில் `g(x)` பொது. வெளியே எடுத்து h-ஆல் வகுத்தால்:

```
f(x+h) · [g(x+h) − g(x)]/h  +  g(x) · [f(x+h) − f(x)]/h
```

அடைப்புக்குறிக்குள் இருப்பவை `g'(x)`, `f'(x)` ஆகியவற்றின் வரையறையே. `g(x)`-இல் h இல்லை, அது அப்படியே நிற்கும். முன்னால் நிற்கும் `f(x+h)`-தான் கவனிக்க வேண்டிய இடம். நிறையப் பேர் அங்கே காரணம் சொல்லாமல் `f(x)` என்று எழுதிவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நிரூபணத்தின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. f வகையிடத்தக்கது, ஆகவே தொடர்ச்சியானது:

```
f(x+h) − f(x) = [f(x+h) − f(x)]/h · h  →  f'(x) · 0 = 0
```

ஆக `f(x+h) → f(x)`. நான்கு எல்லைகளும் தனித்தனியே இருப்பதால் கூட்டலையும் பெருக்கலையும் எல்லைக்குள் பிரிக்கலாம்:

```
(fg)' = f(x)g'(x) + g(x)f'(x)
```

வயலுக்குத் திரும்பி வந்து பாருங்கள். மறுநாள் கூடிய 4.02-இல் 4 என்பது பழைய நீளத்துக்கு உரியது, மிச்சம் 0.02 அந்த 'ட'-வின் மூலையில் இருக்கும் துண்டு. x நேரம், நீளம் 2 வேகத்திலும் அகலம் 1 வேகத்திலும் வளர்கிறது, h = 0.1 என்று எடுத்தால் 10.02/0.1 = 100.2. h = 0.01 என்றால் 100.02. விதி தருவது 40·1 + 30·2 = 100. மூலைத் துண்டு h² அளவில் சுருங்குவதால் h-ஆல் வகுத்த பிறகும் பூச்சியத்துக்குப் போகிறது.

இதை மனசில் வைத்தவர்கள் `f'g'` என்று எழுத மாட்டார்கள், அது மூலைத் துண்டை மட்டும் அளப்பது. 1675 நவம்பரில் லைப்னிட்சே வகையீடுகளை அப்படிப் பெருக்கினால் போதுமா என்று தன் குறிப்புகளில் சோதித்துப் பார்த்து, ஆகாது என்று கண்டார். `x·x` எடுத்தாலே தெரிந்துவிடும்: அந்த வழியில் 1 வரும், வர வேண்டியது 2x.

அப்புறம் அதே பையன், "தெற்கு வரப்பை முதல்ல வெட்டினா?" என்றான். வெட்டலாம். நடு உறுப்பு `f(x)g(x+h)` ஆகும், தொடர்ச்சி g-க்குத் தேவைப்படும், விடை அதேதான். அந்த வழியை அவனே பலகையில் எழுதி முடித்தான்.