வார்டு போஸ்டிங்கிற்கு வராத ஒரு நாளை மருத்துவ விடுப்பாக ஏற்கக் கோரி

12.08.2025

அனுப்புநர்
சு. தேன்மொழி,
மூன்றாம் ஆண்டு எம்பிபிஎஸ், பி பேட்ச்,
வரிசை எண் 47.

பெறுநர்
துறைத் தலைவர் அவர்கள்,
பொது மருத்துவத் துறை.

பொருள்: 09.08.2025 சனிக்கிழமை உடல்நலக் குறைவால் வார்டுக்கு வர இயலாமை, பதிவேட்டில் திருத்தம், அந்த நாளை ஈடுசெய்ய அனுமதி தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பேட்ச்சுக்கு இரண்டாவது யூனிட்டில் ஜூலை 28 முதல் நான்கு வார மெடிசின் போஸ்டிங் நடந்துவருகிறது. முதல் 11 நாளும் தவறாமல் வந்தேன். 12ஆவது நாளான கடந்த சனிக்கிழமை வரவில்லை. இன்று காலை லாக்புக்கில் கையெழுத்து வாங்கப் போனபோதுதான், வருகைப் பதிவேட்டில் அந்த நாளுக்கு என் பெயருக்கு நேரே 'தகவலின்றி வரவில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில் வாந்தி தொடங்கியது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, காலையில் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டேன். விடிவதற்குள் ஏழு முறை வயிற்றுப்போக்கு. காய்ச்சல் 101 டிகிரி. குளியலறையிலிருந்து திரும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததால் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். அறைத்தோழி படுக்கவைத்து பிபி பார்த்தாள்: 110/70. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தாள்: 88/60. நின்றால் பிபி இருபதுக்கு மேல் இறங்குவதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஆனாலும் அப்போதும் "எட்டரை மணிக்குள் தயாராகிவிடுவேன்" என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் தங்கவில்லை. பிறகு கேஷுவால்டிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே டியூட்டி டாக்டர் வாந்தி நிற்க ஊசி போட்டு, இரண்டு பாட்டில் ரிங்கர் லாக்டேட் ஏற்றினார். மதியம் ஒன்றரை மணி வரை கண்காணிப்பில் இருந்தேன். சிறுநீர் கழித்த பிறகே அறைக்கு அனுப்பினார்கள். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வார்டுப் பக்கம் போகக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் வார்டில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் வயதானவர்களும் இருக்கிறார்கள். என்னால் ஒருவருக்குத் தொற்றியிருந்தால் அது எனக்கு இதைவிடப் பெரிய தவறாக இருந்திருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு தொந்தரவு இல்லை. திங்களன்று உள்தேர்வு இருந்ததால் பேட்ச் முழுவதற்குமே வார்டு கிடையாது. தேர்வை மட்டும் எழுதிவிட்டு அறைக்குத் திரும்பினேன். இன்று செவ்வாய் காலை எட்டரைக்கு வார்டில் இருந்தேன். அதனால் விடுபட்டது அந்த ஒரு நாள்தான்.

தகவல் சொல்லவில்லை என்று எழுதப்பட்டதில் என் பங்கும் உண்டு. காலை 6.40க்குப் பேட்ச் பிரதிநிதிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் யூனிட்டுக்குச் சொல்லிவிடுவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவரோ நான் உதவிப் பேராசிரியரிடம் நேரடியாகப் பேசியிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. யூனிட்டுக்கு நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. உதவிப் பேராசிரியர் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டுக் காத்திருந்ததாக நண்பர்கள் சொன்னார்கள். அவரிடம் இன்று நேரில் மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டைத் திருத்த உங்கள் அனுமதி வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

அவர் காத்திருந்ததற்குக் காரணம், அன்று கேஸ் பிரசன்டேஷன் என்னுடையது. 14ஆம் படுக்கையில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வந்திருக்கும் நோயாளியை எனக்குக் கொடுத்திருந்தார்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாலையில் அவருடன் உட்கார்ந்து ஹிஸ்டரி எடுத்திருந்தேன். முதல் நாள் குடிப்பழக்கமே இல்லை என்றவர், மறுநாள் அவருடைய மனைவி டீ வாங்கப் போன நேரத்தில் பதினைந்து வருடக் கணக்கைச் சொன்னார். அது என் கேஸ் ஷீட்டில் மட்டும் இருந்தது. நான் வராததால் அந்தக் கேஸ் அன்று எடுக்கப்படவே இல்லை, பேட்ச்சில் மற்றவர்களுக்கும் அது நஷ்டம்தான்.

இன்று வார்டு முடிந்த பிறகு, பிஜி டாக்டரிடமும் நோயாளியிடமும் அனுமதி கேட்டு அவரை மறுபடி பரிசோதித்தேன். ஷிஃப்டிங் டல்னெஸ் பார்க்கும்போது, அவர் பக்கவாட்டில் திரும்பியதும் உடனே தட்டிப் பார்த்து 'இல்லை' என்று சொல்லிவிட்டேன். "தண்ணீர் இடம் மாறக் கொஞ்சம் நேரம் கொடும்மா, விரலை எடுக்காமல் அப்படியே வை" என்றார் பிஜி. அரை நிமிடம் பொறுத்துத் தட்டியபோது, சற்று முன்புவரை மந்தமாகக் கேட்ட இடம் பானை போல ஒலித்தது. சனிக்கிழமை நடந்திருக்க வேண்டிய வகுப்பில் எதை விட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு எடுத்த வயிற்று நீரின் முடிவும் வந்திருக்கிறது. எஸ்ஏஏஜி 1.8. 1.1க்கு மேல் இருப்பதால் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் பக்கம்தான் போகிறது. கேஸ் ஷீட்டில் அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

ஐயா, வராத நாளுக்கு வந்ததாகக் குறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 'தகவலின்றி' என்பதை எடுத்துவிட்டு மருத்துவ விடுப்பு என்று குறிக்கவும், அந்த நாளை வேறொரு நாளில் ஈடுசெய்யவும் அனுமதித்தால் போதும். வரும் 16ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் நாள். அன்று காலை வார்டு முடிந்தபின், மதியம் இரண்டு முதல் இரவு எட்டு வரை டியூட்டி பிஜியுடன் இருக்கத் தயாராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் நோயாளிகளில் இரண்டு கேஸ் எழுதி உதவிப் பேராசிரியரிடம் காட்டுகிறேன். 14ஆம் படுக்கை கேஸை இந்த வாரத்தில் எந்த நாள் கூப்பிட்டாலும் எடுத்துச் சொல்லவும் தயார். அவர் வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகலாம் என்கிறார்கள், அதற்கு முன்பு கிடைத்தால் பேட்ச்சில் எல்லோருமே அவரைப் பரிசோதிக்க முடியும்.

சான்றிதழை மூன்று நாள் கழித்துத் தருகிறேன் என்பதும் தெரியும். ஞாயிறு அலுவலகம் இல்லை, திங்கள் தேர்வு முடிந்து வந்தபோது பூட்டிவிட்டார்கள். நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்றால் நாளை புறநோயாளிப் பிரிவு முடிந்ததும் உங்கள் அறைக்கு வெளியே காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
சு. தேன்மொழி

இணைப்பு: டியூட்டி டாக்டர் அளித்த மருத்துவச் சான்றிதழ், கேஷுவால்டி சீட்டின் நகல், பேட்ச் பிரதிநிதிக்கு 6.40க்கு அனுப்பிய செய்தியின் பிரதி.