மஞ்சள் தாளில் எழுதிய வாழ்த்து

தலைமை ஆசிரியர் அவர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

நான் கணக்கு வாத்தியார். பேசச் சொன்னால் பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடுவேன் என்று எல்லோருக்கும் பயம். அதனால் என் பேச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு, போனில் ஒரு போட்டோவோடு வந்திருக்கிறேன்.

ஓய்வு பெறும் நம் அறிவியல் ஆசிரியை சரஸ்வதி டீச்சருக்கு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கொடுத்த வாழ்த்து அட்டை இது. பெயர் சொல்ல மாட்டேன், இப்போதே தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் குச்சியைத் தொட்டு எழுதியிருக்கிறான். மஞ்சளில் சோப்பு பட்டதும் எழுத்தெல்லாம் சிவப்பு. காரத்துக்கு டீச்சர் காட்டிய அதே சோதனைதான். அடியில் ஒரு குறிப்பு வேறு: ‘இது மங்கிவிடும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.’ டீச்சர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

‘ஓய்வு’ என்பதை ‘ஒய்வு’ என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் பென்சிலால் யாரோ சுழி போட்டிருக்கிறார்கள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தனக்கு வந்த வாழ்த்தையும் திருத்தாமல் விட மனசு வரவில்லை!

சரி, வாசிக்கிறேன். ‘டீச்சர், உங்கள் பீரியடில் நான் மூன்று தடவை வெளியே நின்றேன். மூன்று தடவையும் நீங்கள் ஜன்னல் பக்கம் வந்து சத்தமாகப் பாடம் நடத்தினீர்கள். எனக்கு எல்லாம் கேட்டது.’

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடமாக என் வகுப்பு டீச்சர் வகுப்புக்கு அடுத்த அறை. திடீர் திடீரென்று அவர் குரல் உயரும். இங்கே பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன், அங்கிருந்து ஒளிச்சேர்க்கை வரும். ‘கொஞ்சம் மெதுவா நடத்தக் கூடாதா டீச்சர்’ என்று இரண்டு முறை கேட்டும் இருக்கிறேன். அவர் சிரித்தாரே தவிர, காரணம் சொன்னதில்லை. வராண்டாவில் ஒரு பையன் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் அவனுக்காக என்று எனக்குத் தோன்றவே இல்லை.

1991இல் வேலைக்குச் சேர்ந்தவர். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பேர் வராண்டாவில் நின்று பாடம் கேட்டிருப்பார்களோ, கணக்கு வாத்தியார் என்னாலேயே எண்ண முடியாது.

அட்டையில் கடைசியாக ஒரு கேள்வி: ‘நீங்கள் போன பிறகு அறிவியல் அறைச் சாவி யாரிடம் இருக்கும்?’

தம்பி, புது டீச்சர் வரும்வரை என்னிடம் இருக்கும், தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். டீச்சர், மஞ்சள் டப்பா மேல் தட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். சோப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் போகும் முன் காட்டிவிட்டுப் போங்கள்.