கடைசி நடை

துறையில் நட்டிருந்த மூங்கிலில் சாணுக்கு ஒன்றாக அரிவாளால் கொத்திய வெட்டுகள் இருந்தன. மத்தியானம் முதல் வெட்டுக்குக் கீழே கிடந்த கொள்ளிடம் இப்போது மூன்றாவதைத் தொட்டிருந்தது. கோவிந்தன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். தண்ணீர் செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. முக்கொம்பில் நேற்றுத் திறந்துவிட்ட தண்ணீர். காவிரி கொள்ளாததையெல்லாம் கொள்ளிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலையில் கிராம நிர்வாக அலுவலர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளையிலிருந்து படகு கூடாது. தண்ணீர் வடிய எத்தனை நாளாகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இன்றைக்கு ஆறு மணிக்குப் போவது வெறும் கடைசி நடை இல்லை. அதை விட்டவர்கள் திட்டுக்கு வர ஒரு வாரம்கூட ஆகலாம்.

மணி ஆறு ஐந்து. கும்பகோணத்திலிருந்து ஐந்தே முக்காலுக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை.

படகில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், உர மூட்டையைக் காலுக்கிடையில் வைத்திருந்த கிழவர், பள்ளிக்கூடப் பையன்கள் மூவர், கதிர் அரிவாளோடு திரும்பும் இரண்டு பேர், கீரைக்கூடையோடு செல்லம்மா. அவள் மகள் பரிமளா கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அந்த பஸ்ஸில்தான் வருவாள்.

"போன் எடுக்குறாளா அக்கா?"

"அணைஞ்சு கிடக்கு தம்பி. மத்தியானமே சார்ஜ் இல்லேன்னு சொன்னா."

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாருங்க மாமா" என்றான் ஒரு பையன். "நீ பாரு, எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லையா" என்றார் கிழவர். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கோவிந்தனுக்குப் பதினைந்து வயதில் அப்பா கழியைக் கையில் கொடுத்தபோது சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஆளைப் பார்த்துக் கழியை ஊன்றாதே, ஆற்றைப் பார்த்து ஊன்று. சொல்வதற்கு எளிது. பரிமளா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இந்தப் படகில்தான் போய் வருகிறாள். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தவள். அது இப்போதும் அவர் தோளில்தான் கிடக்கிறது.

நட்டாற்றில் கழி எட்டாத இடம் ஒன்று உண்டு. அங்கே துடுப்பு மட்டும்தான். வெளிச்சம் இருந்தால் மிதந்து வரும் மரக்கட்டையைப் பார்த்து ஒதுங்கலாம். ஐப்பசி இருட்டில் அது படகை முட்டும்போதுதான் தெரியும்.

மறுபடி மூங்கிலைப் பார்த்தார். மூன்றாவது வெட்டு மறைந்துவிட்டது. பதினைந்து நிமிடத்தில் நான்கு விரல் ஏறியிருக்கிறது.

சாலைப் பக்கம் எந்த விளக்கும் இல்லை.

கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தார். ஆனால் செல்லம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அக்கா..." என்று ஆரம்பித்தார்.

செல்லம்மா எழுந்து புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கூடையைப் படகிலேயே விட்டுவிட்டாள்.

"நீ கிளம்பு தம்பி. நான் இருக்கேன். பொட்டப்புள்ள வந்து எறங்குறப்ப துறையில ஆள் வேணாமா?"

"எங்க தங்குவீங்க?"

"டீக்கடை அக்கா விரட்டவா போறா? நீ எங்க வீட்டு ஆட்டுக்கு மட்டும் தழை ஒடிச்சுப் போட்டுடு. கட்டுத்தறியில ரெண்டு, குட்டி ஒண்ணு."

கோவிந்தன் படகில் இருந்த ஒரே டார்ச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

"வந்துட்டாள்னா ரெண்டு தடவை ஆட்டுங்க. நான் அக்கரையில பார்த்துட்டு நிப்பேன்."

படகை முதலில் கரையோரமாகவே மேற்கே நெடுந்தூரம் ஏற்றிக்கொண்டு போய், அப்புறம்தான் குறுக்கே விட்டார். இழுக்கிற தண்ணீர் துறைக்கு நேரே கொண்டுவந்து சேர்க்கும். நட்டாற்றில் கழியைப் போட்டுவிட்டுத் துடுப்பைப் பிடித்தார். உர மூட்டைக்காரர் கேட்காமலே இன்னொரு துடுப்பை எடுத்தார். ஒரு வாழைமரம் வேரோடு பக்கத்தில் போனது. குழந்தை அழுதது. யாரும் பேசவில்லை.

திட்டில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் கோவிந்தன் கீரைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கரை முழுக்க இருட்டு. ஆற்றின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது.

வெகுநேரம் கழித்து மரங்களுக்குப் பின்னால் இரண்டு விளக்குகள் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றன. டார்ச் ஆடியது. ஒன்று. இரண்டு. கொஞ்சம் விட்டு, வேறு கையில் மாறியதுபோல், உயரத் தூக்கி வேகவேகமாக ஆடியது.

கோவிந்தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அங்கிருந்து தெரியாது என்று தெரிந்தும், தலைக்கு மேலே வீசினார். அப்புறம் தழை ஒடிக்கப் போனார்.